ஒன்பது வயது வாசிக்க, ஐந்து வயது கேட்க: வாசிப்புத் தோழர் திட்டம் இயங்கும் விதம்

கோலாலம்பூரில் உள்ள தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் பாலர்பள்ளி வகுப்பும் மூன்றாம் ஆண்டு வகுப்பும் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன. ஆனாலும் அந்த இரு வகுப்புப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் அறிவதற்கு வாய்ப்புக் குறைவு. பாலர்பள்ளிக்குத் தனி அறையும் தனி உணவு வேளையும் உண்டு; நண்பகலை ஒட்டி அவர்களுடைய நாள் முடிந்துவிடுகிறது. வாசிப்புத் தோழர் திட்டம் இந்த இடைவெளியில் ஒரு சிறு பாலத்தைப் போடுகிறது. வாரம் ஒரு முறை, ஏறத்தாழ இருபது நிமிடங்கள், மூன்றாம் ஆண்டில் படிக்கும் ஒன்பது வயதுப் பிள்ளை ஒருவர் ஐந்து வயதுப் பிள்ளை ஒருவருக்குப் பக்கத்தில் அமர்ந்து ஒரு படக்கதைப் புத்தகத்தை வாசித்துக் காட்டுகிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது இவ்வளவுதான். திட்டம் பலன் தருமா, வெறும் சத்தமாக முடியுமா என்பதைப் பெரும்பாலும் அந்த இருபது நிமிடங்கள் தீர்மானிப்பதில்லை. யாருக்கு என்ன பங்கு என்பது எவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது, முந்தைய நாள் என்ன ஒத்திகை நடந்தது என்ற இரண்டுமே அதைத் தீர்மானிக்கின்றன.

இந்த இரு வயதுகளைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. தமிழின் 247 எழுத்துகளை அறிமுகம் செய்துகொண்டு, அவற்றைச் சொல்லாகக் கூட்டி வாசிக்கும் கட்டத்தை மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் கடந்திருப்பார்கள். ஆனால் அவர்களுடைய வாசிப்பில் ஓட்டம் இன்னும் வந்திருக்காது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே எடை கொடுத்து, முற்றுப்புள்ளியைத் தாண்டி ஓடி, கேள்விக்குறியைக் கவனிக்காமல் வாசிப்பார்கள். அந்த ஓட்டம் வருவதற்கு எளிய பனுவலைத் திரும்பத் திரும்ப உரக்க வாசிப்பதைப்போல் உதவும் பயிற்சி வேறில்லை. சிக்கல் என்னவென்றால், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எளிய புத்தகத்தைக் கொடுத்தால், ‘இது சின்னப் பிள்ளைங்க புத்தகம் டீச்சர்’ என்று தள்ளி வைத்துவிடும். அதே புத்தகத்தை, ‘நாளைக்குப் பாலர்பள்ளித் தம்பிக்கு நீதான் வாசித்துக் காட்டப் போகிறாய்’ என்று சொல்லிக் கொடுத்தால், அதை நான்கு முறை வாசிப்பதற்கு ஒரு நியாயமான காரணம் கிடைத்துவிடுகிறது. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் இதற்கு இன்னும் தயாராகியிருக்க மாட்டார்கள். ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளோ நன்றாகவே வாசிப்பார்கள், ஆனால் அவர்களுக்கு அந்த எளிய புத்தகத்தால் கிடைக்கும் பயிற்சி குறைவு. நான்கு வயது இடைவெளி போட்டிக்கு இடம் தராத அளவுக்குப் பெரியது, நெருக்கத்தைக் கெடுக்காத அளவுக்குச் சிறியது.

மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது தமிழர்க்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியருக்கு அடுத்த நிலையில் சட்டாம்பிள்ளை இருந்தார். அவர் இளையவர்களுக்குப் பாடத்தை ஒப்பிக்கச் செய்து, ஒழுங்கைப் பார்த்துக்கொண்டார். சென்னை எழும்பூரில் 1789 முதல் இயங்கிய ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், அந்த ஊர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் இல்லத்துக்குக் கொண்டுவந்தார். ஆசிரியர்கள் அதை ஏற்கத் தயங்கியபோது, எழுத்துக் கற்பிக்கும் தொடக்க வகுப்பை எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் ஒப்படைத்தார். அந்த அனுபவத்தை அவர் 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட, அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் பிரிட்டனிலும் அதன் குடியேற்றங்களிலும் பரவியது. ஒரே ஆசிரியரை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு மலிவாகக் கற்பிக்கலாம் என்பதே அன்றைய நிர்வாகிகளை அதிகம் கவர்ந்தது.

இந்த வரலாற்றை இங்கே சொல்வதற்குக் காரணம், வாசிப்புத் தோழர் திட்டம் தடம் மாறும்போது பெரும்பாலும் அது சட்டாம்பிள்ளை முறையாகத்தான் மாறிவிடுகிறது என்பதே. ஒன்பது வயதுப் பிள்ளையிடம், ‘நீ தம்பிக்குச் சொல்லிக் கொடு’ என்று மட்டும் சொன்னால், தனக்குத் தெரிந்த ஒரே மாதிரியை அது பின்பற்றும். புத்தகத்தின்மேல் விரலைக் குத்தி, ‘இது என்ன எழுத்து?’ என்று கேட்கும். பதில் வராவிட்டால் குரலை உயர்த்தும். ஒரு வாரம் கழித்துப் பிரம்பைத் தவிர மற்ற எல்லாம் இருக்கும். எழுத்தைக் கற்பிப்பது பயிற்சி பெற்ற ஆசிரியரின் வேலை. தோழரின் வேலை வாசித்துக் காட்டுவதும் பேசுவதும் மட்டுமே என்ற வரம்பை முதல் நாளே போட்டுவிட வேண்டும்.

ஆகவே பங்குகளைப் பிள்ளைகள் மனத்தில் வைத்துக்கொள்ளும் அளவுக்குக் குறைவாகவும் திட்டவட்டமாகவும் பிரிப்பது நல்லது. பெரியவர், அதாவது மூன்றாம் ஆண்டுப் பிள்ளை, புத்தகத்தின் பெயரைச் சொல்வார், வாசிப்பார், வாசிக்கும் வரியின் கீழே விரலை மெல்ல நகர்த்துவார், பக்கத்துக்கு ஒரு கேள்விக்குமேல் கேட்க மாட்டார். இளையவர் இரண்டு புத்தகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார், பக்கத்தைத் திருப்புவார், நினைத்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பார். பக்கம் திருப்பும் உரிமை இளையவருடையது என்பது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் வாசிப்பின் வேகத்தை அதுவே கட்டுப்படுத்துகிறது. படத்தை இன்னும் பார்த்து முடிக்காத பிள்ளை பக்கத்தைத் திருப்பாது. பெரியவர் காத்திருந்தே ஆக வேண்டும். ஆசிரியரின் பங்கு, ஜோடிகளுக்கு இடையே நடந்து பார்ப்பது, கேட்பது, அழைத்தாலொழிய குறுக்கிடாமல் இருப்பது.

எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் ஏற்பாடு தெளிவாகும். செந்தூல் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பாலர்பள்ளியில் 22 பிள்ளைகளும் மூன்றாம் ஆண்டில் 27 பிள்ளைகளும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 22 ஜோடிகள் அமைந்தபின் ஐந்து பெரியவர்கள் மீதமாவார்கள். அவர்களைச் சும்மா உட்கார வைக்கவும் வேண்டாம், வாசிப்பில் பின்தங்கியவர்களை மட்டும் அந்த இடத்தில் வைக்கவும் கூடாது. வாராவாரம் ஐவர் சுழற்சி முறையில் மாற்றாளர்களாக இருக்கட்டும். அன்று வராத பெரியவருக்குப் பதிலாக அவர்கள் அமர்வார்கள், தேவைப்படாதபோது ஒரு ஜோடியுடன் சேர்ந்து கதாபாத்திரங்களின் வசனத்தைப் பகிர்ந்து வாசிப்பார்கள். ஒரு சிறுவருக்கு இரண்டு பெரியவர்கள் இருப்பது நன்றாகவே நடக்கும். ஒரு பெரியவருக்கு இரண்டு சிறுவர்கள் என்றால் நடுவில் புத்தகம் யாருக்குத் தெரிகிறது என்ற சண்டையிலேயே நேரம் போய்விடும்.

யாரை யாருடன் சேர்ப்பது என்பதில் மதிப்பெண் பட்டியல் அதிகம் உதவாது. ஐந்து வயதுப் பிள்ளை இன்னும் வாசிக்கத் தொடங்காத நிலையில், அதன் குணத்தையும் வீட்டு மொழியையும் பார்ப்பதே பயன் தரும். கோலாலம்பூரில் தமிழ்ப்பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் வீட்டில் ஆங்கிலம் கலந்து பேசுவோர் இருக்கிறார்கள், பக்கத்து வீட்டாருடன் மலாயில் விளையாடுவோரும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு, தமிழில் தயக்கமின்றி வாயாடும் பெரியவர் அமைந்தால் பாதி வேலை முடிந்தது. அந்தப் பெரியவர் வகுப்பின் சிறந்த வாசகராக இருக்க வேண்டிய அவசியமில்லை. அண்ணன் தங்கைகளை ஜோடி சேர்க்காமல் இருப்பது நல்லது, வீட்டுச் சண்டை புத்தகத்துக்குள் வந்துவிடும். ஒரே பள்ளி வேனில் வருவோர் ஜோடியானால் நல்லதே; வாரம் முழுவதும் அவர்களுக்குப் பேச்சு கிடைக்கிறது. ஒருமுறை அமைத்த ஜோடியை ஒரு பருவமாவது மாற்றாமல் வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் கூச்சமுள்ள ஐந்து வயதுப் பிள்ளை வாயைத் திறப்பதற்கே மூன்று நான்கு வாரங்கள் ஆகலாம்.

இனி ஒத்திகைக்கு வருவோம். வாசிப்பு வியாழக்கிழமை என்றால், புதன்கிழமை தமிழ்மொழிப் பாடவேளையில் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்கப்பட வேண்டும். புத்தகம் 12 முதல் 16 பக்கங்கள், பக்கத்துக்கு ஒன்றிரண்டு வாக்கியங்கள் கொண்டதாக இருந்தால் போதும். அதை நிறுத்தாமல் வாசித்தால் ஐந்தாறு நிமிடத்தில் முடியும், பேசிப் பேசி வாசித்தால் பதினைந்து நிமிடத்துக்கு நீளும். முதல் வாசிப்பில் பிள்ளை தனியாக வாசித்து, தடுக்கிய சொற்களைப் பென்சிலால் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்கிறது. இரண்டாவதில் ஆசிரியர் அந்தச் சொற்களை மட்டும் எடுத்து உச்சரித்துக் காட்டுகிறார். மூன்றாவதில் வகுப்புத் தோழர் ஒருவர் ஐந்து வயதுப் பிள்ளையாக நடிக்க, அவருக்கு வாசிக்க வேண்டும். இந்த மூன்றாவது வாசிப்பில் வகுப்பு சற்று இரைச்சலாகும். நடிப்பவர் வேண்டுமென்றே அடம்பிடிப்பார். அதைத் தடுக்கத் தேவையில்லை, நாளைக்கு வரப்போவதும் அதுதான்.

தடுக்கும் இடங்கள் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்தவையே. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு இடப்பக்கம் நிற்பதால், ‘கொ’, ‘கோ’ போன்றவற்றில் கண் முன்னும் பின்னும் போய்வர வேண்டியிருக்கிறது. ஓட்டமில்லாத வாசகர் இங்கே தயங்குவார். ‘பழம்’, ‘பள்ளம்’, ‘பலம்’ மூன்றும் ஒரே கதையில் வந்தால் நாக்கு மூன்றையும் ஒன்றாக்கிவிடும். ‘வீட்டிற்குள்ளிருந்து’ போன்ற நீண்ட சொல்லை எங்கே மூச்சு விட்டு வாசிப்பது என்பது தெரியாமல் நடுவில் உடைப்பார்கள். இவற்றை ஒத்திகையிலேயே சரிசெய்துவிட்டால், மறுநாள் சிறுவர் முன்னால் பெரியவருக்குத் தலைகுனிவு நேராது. ஒத்திகையைக் கைவிட்டு நேரடியாக வாசிக்கவைக்கும் பள்ளிகளில் திட்டம் ஒரு மாதத்துக்குள் தளர்ந்துபோவதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் கருத்து: தடுமாறுகிறவருக்கு வர விருப்பமிராது, கேட்கிறவருக்குக் கதை புரியாது.

வியாழக்கிழமை நடப்பதை ஒரு பக்கத்தின் அளவில் நெருங்கிப் பார்க்கலாம். படத்தில் ஒரு சந்தை. மீன் கடைக்கு முன்னால் ஒரு பூனை. கீழே இரண்டு வாக்கியங்கள்: ‘பூனை மீன் கடைக்கு முன்னால் நின்றது. கடைக்காரர் அதைப் பார்க்கவில்லை.’ பெரியவர் விரலை நகர்த்தி வாசிக்கிறார். வாசித்ததும் உடனே அடுத்த பக்கத்துக்குத் தாவாமல், ‘இந்தப் பூன ஏன் இங்க நிக்குது?’ என்று கேட்கிறார். கேட்டபின் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுகிறார். ஒத்திகையில் கற்றுக்கொள்வதிலேயே கடினமானது இந்த எண்ணிக்கைதான், ஒன்பது வயதுக்கு மௌனம் பொறுக்காது. மூன்றாம் எண்ணில் சிறுவர், ‘மீன்’ என்கிறார். பெரியவர், ‘ஆமா, மீன் திங்கணும்னு நிக்குது. அந்த அங்கிள் பாக்கல, பாத்தியா?’ என்று அந்த ஒற்றைச் சொல்லை வாக்கியமாக்கித் திருப்பிக் கொடுக்கிறார். இளையவர், ‘அங்கிள் பாக்கல, பூன திருடப் போவுது’ என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறார்.

கேள்வி கேட்டல், பதிலை ஏற்றல், அதை விரித்தல், திரும்பச் சொல்ல வைத்தல் என்ற இந்த வரிசை புதிதாகப் புனையப்பட்டதன்று. அமெரிக்க உளவியலாளர் குரோவர் ஒயிட்ஹர்ஸ்டும் அவருடைய குழுவினரும் 1988-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து உரையாடல்வழி வாசிப்பு என்று அறியப்படும் முறையின் எளிய வடிவமே இது. அவர்கள் பெற்றோர்களைப் பயிற்றுவித்தார்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த முறை முழுவதும் அதிகம். ஆகவே மூன்று கேள்விகளை மட்டும் அட்டையில் எழுதிக் கொடுத்தால் போதும்: இங்க என்ன நடக்குது, ஏன் அப்படி, அடுத்து என்ன ஆகும். அட்டையின் மறுபக்கத்தில் கேட்கக்கூடாத ஒரே கேள்வியைப் பெரிதாக எழுதிக் குறுக்கே கோடு போட்டுவிடலாம்: இது என்ன எழுத்து?

தமிழில் இந்த ஏற்பாட்டுக்குக் கூடுதலாக ஒரு பயன் உண்டு, அது பலரும் எதிர்பார்ப்பதைவிடப் பெரிது. வீட்டில் ‘நின்னுச்சு’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, புத்தகத்தில் முதன்முறையாக ‘நின்றது’ என்பதைச் சந்திக்கிறது. ‘அம்மா வந்தாங்க’ என்பது ‘அம்மா வந்தார்’ ஆகிவிடுகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் பாதி அந்நியமாக ஒலிப்பது இயல்பு. பெரியவர் எழுதியிருப்பதை எழுதியபடியே வாசித்துவிட்டு, அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் பேச்சுத் தமிழுக்கு இறங்கினால், ஒரே பக்கத்தில் இரண்டு வடிவங்களும் அருகருகே காதில் விழுகின்றன. இங்கே செய்யப்படும் தவறு, சிறுவருக்குப் புரியவேண்டும் என்று வாசிப்பையே பேச்சுத் தமிழாக மாற்றிவிடுவது. அப்படிச் செய்தால் விரல் நிற்கும் சொல்லுக்கும் காதில் விழும் சொல்லுக்கும் தொடர்பு அறுந்துவிடும். எதிர்த்திசைத் தவறும் உண்டு: சிறுவர் ‘நிக்குது’ என்று பதில் சொன்னவுடன், ‘நிற்கிறது என்று சொல்’ என்று திருத்துவது. அன்றோடு அந்தப் பிள்ளையின் பதில்கள் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிடும். வாசிக்கும்போது எழுத்துத் தமிழ், பேசும்போது வீட்டுத் தமிழ் என்ற ஒரே விதியை ஒன்பது வயதுப் பிள்ளைகள் வியக்கத்தக்க விதத்தில் எளிதாகப் பிடித்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் வகுப்புக்கும் திடலுக்கும் இடையே அவர்களே அன்றாடம் செய்வது அதைத்தான்.

தவறு நடப்பதை ஆசிரியர் தொலைவிலிருந்தே கண்டுகொள்ளலாம். புத்தகம் முழுவதும் பெரியவரின் மடியில் இருந்தால், அவர் தனக்காக வாசிக்கிறார் என்று பொருள்; புத்தகத்தின் பெரும்பகுதி இளையவர் பக்கம் இருக்கும்படி நகர்த்திவைத்தால் போதும், பேச்சு தேவையில்லை. இளையவரின் கண் பக்கத்து ஜோடியின் புத்தகத்தில் இருந்தால், கதை அவருக்குப் பிடிக்கவில்லை அல்லது குரல் எட்டவில்லை. இருபது ஜோடிகள் ஓர் அறையில் வாசித்தால் குரல் எட்டாமல் போவது இயல்பே. பாலர்பள்ளி அறை, பள்ளி நூலகம், நடைபாதை என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வோர் இடத்திலும் ஆசிரியரோ உதவியாளரோ ஒருவர் இருக்கும்படி செய்தால் இரைச்சல் பெருமளவு அடங்கும். பாலர்பள்ளி ஆசிரியர், உதவியாளர், மூன்றாம் ஆண்டு ஆசிரியர் ஆகிய மூவரும் இதற்குப் போதும். எட்டாவது நிமிடத்தில் இளையவர் நெளியத் தொடங்கினால், புத்தகத்தை மூடிவிட்டுப் படங்களை மட்டும் பார்க்கலாம் என்ற அனுமதி முன்பே தரப்பட்டிருக்க வேண்டும். முடித்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் இருவரையும் களைப்படையச் செய்யும்.

பாதுகாப்புக்கான விதிகள் சிலவே, ஆனால் அவற்றில் விட்டுக்கொடுப்பு இருக்கக்கூடாது. எந்த ஜோடியும் ஆசிரியரின் பார்வைக்கு அப்பால் அமரக் கூடாது. இளையவர் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றாலோ அழுதாலோ, பெரியவர் கையை உயர்த்தினால் போதும். கூட்டிக்கொண்டு போவதும் சமாதானப்படுத்துவதும் அவர் பொறுப்பன்று. ஒன்பது வயதுப் பிள்ளையின் தோளில் அந்தச் சுமையை ஏற்றுவது நியாயமில்லை.

வாசிப்பில் பின்தங்கிய மூன்றாம் ஆண்டுப் பிள்ளையை இத்திட்டத்திலிருந்து விலக்கிவைப்பதே பலருக்கும் முதலில் தோன்றும் எண்ணம். உண்மையில் அந்தப் பிள்ளைக்குத்தான் இதில் கிடைப்பது அதிகம், புத்தகத்தைச் சரியாகத் தேர்ந்து கொடுத்தால். ஒரே வாக்கியம் பக்கத்துக்குப் பக்கம் ஒரு சொல் மட்டும் மாறி வரும் கதைகள் இதற்கு ஏற்றவை: ‘என் பையில் ஒரு பந்து இருக்கிறது’, ‘என் பையில் ஒரு பூ இருக்கிறது’. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் படிநிலை வாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் படிநிலைக் கதைகளை அச்சிட்டுத் தைத்துக்கொள்ளலாம். அவை இந்தியப் பின்னணியில் எழுதப்பட்டவை என்பதால் ரூபாய் வரும் இடத்தில் நம் பிள்ளை ‘வெள்ளியா?’ என்று கேட்கும்; அதுவும் ஒரு பேச்சுக்கு வழிதான். எல்லாருக்கும் ஒரே கூடையிலிருந்து புத்தகத்தை எடுக்கச் சொன்னால், யாருக்கு எளிய புத்தகம் கிடைத்தது என்று வகுப்பில் யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள். ஒத்திகையில் வாசித்த புத்தகத்தை மலேசியப் பள்ளிகளின் நிலாம் வாசிப்புப் பதிவில் சேர்த்துக்கொள்வதிலும் தவறில்லை, அந்தப் பிள்ளை அதை உண்மையாகவே வாசித்திருக்கிறது. ஆனால் எத்தனை புத்தகம் என்ற போட்டியாக அது மாறினால் ஒத்திகை மூன்று வாசிப்பிலிருந்து ஒன்றாகக் குறைந்துவிடும் என்பதை ஆசிரியர் கவனித்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் திட்டம் ஐந்து வயதுப் பிள்ளைக்கு எழுத்துகளைக் கற்பித்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது; பருவத்தின் முடிவில் எழுத்தறிவுச் சோதனை வைத்துப் பார்த்தால் பெரிய மாற்றம் தெரியாமல் போகலாம், அதை வைத்துத் திட்டம் தோற்றது என்று முடிவு கட்டுவது பிழையாகும். பார்க்க வேண்டியது வேறு. ஏற்கெனவே கேட்ட புத்தகம் ஒன்றை இளையவர் கையில் தனியாகக் கொடுத்து, ‘எனக்கு வாசித்துக் காட்டு’ என்று கேட்டால், எழுத்துத் தெரியாத பிள்ளையும் படத்தைப் பார்த்து வாசிப்பதுபோல் சொல்லும். முதல் வாரத்தில் அது, ‘பூன நிக்குது’ என்று படத்தை விவரிக்கும். சில வாரங்களில் விரல் வரிக்குக் கீழே வந்து, குரல் மாறி, ‘பூனை நின்றது’ என்று சொல்லத் தொடங்கினால், புத்தகம் பேசும் விதம் வேறு என்பதை அது பிடித்துவிட்டது. பெரியவர் விஷயத்தில், அவர் முன்பின் பார்க்காத ஒரு பத்தியை முதல் வாரத்திலும் பத்தாம் வாரத்திலும் வாசிக்கவைத்து ஆசிரியரின் கைப்பேசியில் பதிவுசெய்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் நிறுத்தக்குறிகளில் வந்திருக்கும் மாற்றம் காதுக்கே தெரியும். இந்த இரண்டிலும் அசைவு தெரியாவிட்டால், ஜோடிகளை மாற்றுவதற்கும் புதிய புத்தகங்கள் வாங்குவதற்கும் முன்னால், புதன்கிழமை ஒத்திகை உண்மையிலேயே நடக்கிறதா, வேறு பாடம் அந்த நேரத்தை எடுத்துக்கொண்டுவிட்டதா என்பதைப் பார்க்க வேண்டும்.